திரும்பி வந்த பத்துச் சட்டையும் கிரெடிட் நோட்டும்

2025 செப்டம்பர் 22 அன்று ரெடிமேட் ஆடைகளுக்கான ஜிஎஸ்டி மாறியது. அதுவரை 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள சட்டைக்கு 12 சதவீத வரி. அன்றிலிருந்து 2,500 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம்தான். சரி, ஆகஸ்டில் 12 சதவீத வரியோடு விற்ற சட்டை அக்டோபரில் திரும்பி வந்தால், எந்த வரியைக் கழிப்பது? கணக்கு எழுதும் பலர் அந்த மாதங்களில் தடுமாறிய கேள்வி இது. கிரெடிட் நோட் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால் பதில் தானாக வந்துவிடும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். ஈரோட்டில் ஒரு மொத்த வியாபாரி, மதுரையில் ஒரு துணிக்கடை. 2025 ஆகஸ்ட் 20 அன்று 40 சட்டைகள் போகின்றன. பட்டியல் விலை ஒரு சட்டைக்கு 1,250 ரூபாய், 4 சதவீதம் தள்ளுபடி, ஆகவே பில்லில் விழும் விலை 1,200. நாற்பது சட்டைக்கு 48,000 ரூபாய். இரண்டு ஊரும் தமிழ்நாட்டுக்குள் இருப்பதால் வரி மத்திய, மாநில ஜிஎஸ்டியாகச் சரிபாதி பிரியும்: 2,880 ரூபாய், இன்னொரு 2,880 ரூபாய். பில் தொகை 53,760.

செப்டம்பர் கடைசியில் மதுரைக் கடைக்காரர் பத்துச் சட்டைகளில் சாயம் போவதைக் கண்டுபிடிக்கிறார். பார்சல் கட்டித் திருப்பி அனுப்புகிறார். அக்டோபர் 6 அன்று ஈரோட்டுக் குடோனில் சரக்கு இறங்குகிறது.

இந்த இடத்தில் பழைய பில்லைத் திறந்து 40 என்பதை 30 என்று திருத்திவிடத் தோன்றும். கம்ப்யூட்டரில் அது ஒரு நிமிட வேலைதான். ஆனால் அப்படிச் செய்யக் கூடாது. அந்த பில்லில் எந்தத் தவறும் இல்லை. ஆகஸ்ட் 20 அன்று நாற்பது சட்டைகள் உண்மையாகவே போயின. அந்த பில்லை வைத்து ஈரோட்டுக்காரர் ஆகஸ்ட் மாத விற்பனையைக் காட்டும் GSTR-1 ரிட்டர்னைத் தாக்கல் செய்துவிட்டார், 5,760 ரூபாய் வரியும் கட்டிவிட்டார். அதே 5,760 ரூபாயை மதுரைக்காரர், தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரியாகத் தன் கணக்கில் எடுத்துக்கொண்டார். ஒரு பக்கம் மட்டும் பில்லை மாற்றினால் இரண்டு பேருடைய கணக்கும் முட்டிக்கொள்ளும், அரசிடம் உள்ள கணக்கோடும் ஒத்துவராது. எண்ணைத் தப்பாக அடித்துவிட்டால் திருத்துவது வேறு. இங்கே நடந்திருப்பது அக்டோபரில் நடந்த ஒரு புதுச் சம்பவம். அதற்குப் புதிதாக ஒரு ஆவணம் வேண்டும். அதுதான் கிரெடிட் நோட்.

மத்திய ஜிஎஸ்டி சட்டம் 2017-இன் 34-வது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. சரக்கு திரும்பி வந்தாலோ, பில்லில் விலையோ வரியோ கூடுதலாகப் போட்டிருந்தாலோ, விற்றவர் கிரெடிட் நோட் போடலாம். அதற்குத் தனி வரிசை எண் உண்டு, பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும். எந்த பில்லைச் சார்ந்தது என்று அந்த பில்லின் எண்ணும் தேதியும் அதில் இருக்க வேண்டும். இந்த ஒரு குறிப்பை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அதை விட்டுவிட்டால் கிரெடிட் நோட்டுக்கு விலையும் வரியும் எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாது.

ஏனென்றால் கிரெடிட் நோட்டில் இருக்கும் தேதி இன்றையது, விலையும் வரி விகிதமும் பழைய பில்லுடையவை. நம் கணக்கில் தேதி அக்டோபர் 6. விலை 1,200, இன்றைய விலை என்னவாக இருந்தாலும் சரி. வரி 12 சதவீதம், இன்று 5 சதவீதம் ஆகிவிட்டிருந்தாலும் சரி. பத்துச் சட்டைக்கு 12,000 ரூபாய், வரி 720-உம் 720-உம், மொத்தம் 13,440. அன்றைக்கு அந்தச் சட்டைகளுக்காக அரசுக்குப் போனது 1,440 ரூபாய், அதனால் இப்போது குறைய வேண்டியதும் 1,440 ரூபாய். இன்றைய விகிதத்தில் போட்டால் 600 ரூபாய்தான் குறையும். விற்காத சட்டைக்கு 840 ரூபாய் வரி கட்டியதாக ஆகிவிடும்.

தவறு பெரும்பாலும் எப்படி நுழைகிறது என்றால், மென்பொருளில் பொருளின் வரி விகிதத்தை செப்டம்பர் 22-இல் 5 என்று மாற்றியிருப்பார்கள். அக்டோபரில் கிரெடிட் நோட் பக்கத்தைத் திறந்து சட்டையைத் தேர்ந்தெடுத்தால், அது இன்றைய 5 சதவீதத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. விலையும் அப்படித்தான், 4 சதவீதத் தள்ளுபடியை மறந்து 1,250 என்று விழுந்துவிடும். அப்போது வாடிக்கையாளர் கொடுக்காத 50 ரூபாயை ஒவ்வொரு சட்டைக்கும் நாம் திருப்பித் தருகிறோம். பழைய பில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

கடைக்காரர் சரக்கோடு சேர்த்து ஒரு டெபிட் நோட்டும் அனுப்பியிருப்பார். எத்தனை அனுப்பினார், எவ்வளவு கழிக்கச் சொல்கிறார் என்று காட்டும் சீட்டு அது. அதைச் சரிபார்க்க வேண்டும், பத்திரமாகவும் வைக்க வேண்டும். ஆனால் அதை வைத்து ஈரோட்டுக்காரரின் வரி குறையாது. வரியைக் குறைப்பது விற்றவர் போடும் கிரெடிட் நோட் மட்டுமே.

இப்போது பேரேட்டுக்கு வருவோம். கிரெடிட் நோட்டைப் பதிந்ததும் விற்பனைத் திருப்பம் என்ற கணக்கில் 12,000 பற்று. கட்ட வேண்டிய வரிக் கணக்குகளில் 720, 720 பற்று. மதுரைக் கடையின் கணக்கில் 13,440 வரவு. கடையின் பாக்கி 53,760-இலிருந்து 40,320-ஆக இறங்கிவிடும். விற்பனைக் கணக்கிலேயே நேராகக் கழித்தாலும் தொகை ஒன்றுதான். ஆனாலும் திருப்பத்தைத் தனியாக வைத்தால் எந்தச் சரக்கு எவ்வளவு திரும்பி வருகிறது என்று வருடக் கடைசியில் தெரியும். சாயப்பட்டறையைக் கேள்வி கேட்கவும் ஒரு ஆதாரம் கிடைக்கும்.

டேலி என்ற கணக்கு மென்பொருளில் இந்தப் பதிவைப் போடும்போது பில்வாரியாகக் கணக்கு வைத்திருந்தால், இந்த 13,440 எதோடு சேர வேண்டும் என்று கேட்கும். `Agst Ref` என்று கொடுத்து ஆகஸ்ட் 20 பில்லைக் காட்ட வேண்டும். அவசரத்தில் `On Account` என்று விட்டுவிட்டால் மொத்தப் பாக்கி சரியாகவே இருக்கும். ஆனால் பாக்கிப் பட்டியலில் 53,760 ரூபாய் பில் முழுசாக நிற்கும், அதோடு சேராமல் 13,440 தனியாகக் கிடக்கும். வசூல் பையன் பட்டியலைப் பார்த்துப் போன் போடுவான். “அண்ணே, பத்துப் பீஸ் போன மாசமே திருப்பிட்டோமே, முழு பில்லுக்கும் கேக்குறீங்களே” என்று அந்தப் பக்கம் குரல் வரும். மொத்தம் சரியாக இருந்து தனி பில் தப்பாக நிற்கிறது என்றால், முதலில் இந்த இணைப்பைத்தான் பார்க்க வேண்டும். கடைக்காரர் ஏற்கெனவே முழுப் பணமும் கட்டியிருந்தால், 13,440 அவர் பெயரில் நிற்கும். அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம், அல்லது பணமாகத் திருப்பித் தரலாம்.

சரக்கு இருப்பில் கணக்கு வேறு மாதிரி. திரும்பி வந்த சட்டை 1,200-க்குக் குடோனில் ஏறாது, அதன் அடக்க விலைக்குத்தான் ஏறும். அடக்கம் 900 ரூபாய் என்றால் பத்துக்கு 9,000. அதுவும் நல்ல சட்டையாக இருந்தால்தான். இவை சாயம் போன சட்டைகள், செகண்ட்ஸாகத் தள்ளினால் 500 ரூபாய் கிடைக்கலாம். அப்படியானால் இருப்பில் 5,000 ரூபாய்தான் காட்ட வேண்டும், மீதி 4,000 நஷ்டம். பலரும் செய்யாமல் விடுவது இதைத்தான். கிரெடிட் நோட் போட்டதும் பத்துச் சட்டையும் நல்ல சட்டைகளோடு எண்ணிக்கையில் கலந்துவிடும். கணக்கில் இருப்பு கொழுத்துத் தெரியும், ரேக்கில் போய்ப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். திரும்பும் சரக்குக்கென்று தனிக் குடோன் பெயர் ஒன்றை மென்பொருளில் வைத்து, தரம் பார்த்த பிறகு மாற்றுவது நல்ல பழக்கம்.

அப்புறம் வரி ரிட்டர்ன். ஆகஸ்ட் ரிட்டர்னை யாரும் தொடுவதில்லை. அக்டோபர் தேதியிட்ட கிரெடிட் நோட் அக்டோபர் மாத GSTR-1-இல் போகும், அதற்கு நவம்பர் 11 வரை நேரம். பிறகு நவம்பர் 14 வாக்கில், வாங்கியவருக்கான உள்ளீட்டு வரியைக் காட்டும் பட்டியலான GSTR-2B-யில் மதுரைக்காரருக்கு அது தெரியும். அவர் எடுத்திருந்த உள்ளீட்டு வரியில் 1,440 ரூபாயைத் திருப்ப வேண்டும். விற்றவர் பக்கம் 1,440 குறையும்போது வாங்கியவர் பக்கமும் 1,440 குறைந்தால்தான் அரசுக்கு இழப்பில்லை. 2025-இல் நிதிச் சட்டம் இதை 34-வது பிரிவுக்குள்ளேயே எழுதிவிட்டது: வாங்கியவர் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பவில்லை என்றால் விற்றவரின் வரி குறையாது.

2024 அக்டோபரில் வந்த ஐஎம்எஸ் என்ற வசதியில் வாங்கியவர் ஒவ்வொரு கிரெடிட் நோட்டையும் ஏற்கலாம், நிராகரிக்கலாம். விவரம் தெரியாமல் நிராகரித்துவிட்டால் அந்த 1,440 ரூபாய் விற்றவரின் அடுத்த ரிட்டர்னில் வரிப் பாக்கியாக ஏறிக்கொள்ளும். அதனால் கிரெடிட் நோட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இந்த பில்லுக்குப் போட்டது, ஐஎம்எஸ்ஸில் ஏத்துக்கோங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது வீண் வேலை அல்ல.

காலக்கெடு ஒன்றும் இருக்கிறது. சரக்கு விற்ற நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்னைத் தாக்கல் செய்யும் நாள், இதில் எது முந்துகிறதோ அதற்குள் கிரெடிட் நோட்டை ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். நம் பில் 2025-26 நிதியாண்டைச் சேர்ந்தது, கெடு 2026 நவம்பர் 30. அதைத் தாண்டிச் சரக்கு திரும்பினால் வரி இல்லாத கிரெடிட் நோட்தான் போட முடியும். 12,000 ரூபாய் பாக்கியைக் குறைத்துக்கொள்ளலாம், 1,440 ரூபாய் வரி குறையாது.

எல்லாம் சரியாகப் போயிற்றா என்று, மாத வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்னான அக்டோபர் GSTR-3B-யில் ஒரு நொடியில் பார்த்துவிடலாம். அந்த மாதம் 5 சதவீதத்தில் 2,00,000 ரூபாய் விற்பனை, வரி 10,000 என்று வைப்போம். கிரெடிட் நோட்டைக் கழித்தால் விற்பனை 1,88,000, வரி 8,560. 1,88,000-க்கு 5 சதவீதம் 9,400 ஆயிற்றே, 840 ரூபாய் இடிக்கிறதே என்று தோன்றும். அந்த இடிப்பு இருந்தால்தான் சரி. 12-க்கும் 5-க்கும் இடையிலுள்ள 7 சதவீதம், 12,000 ரூபாய்க்கு 840. வரி கச்சிதமாக 9,400 என்று வந்து நின்றால், கிரெடிட் நோட்டைத் திறந்து விகிதத்தைப் பாருங்கள்.