மட்டு சரியாக இருந்தும் வீச்சு தவறிப்போவது ஏன்? கலப்பெண் வகுத்தலில் குறிகளைக் காப்பது பற்றி

மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கும் எனக்கு, கலப்பெண்கள் பாடத்தின் விடைத்தாள்களைத் திருத்தும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படும் ஒரு வகைத் தவறு உண்டு. ஒரு கலப்பெண்ணை இன்னொன்றால் வகுத்து, கிடைப்பதன் மட்டையும் முதன்மை வீச்சையும் காணச் சொன்னால், மாணவர் இணைக் கலப்பெண்ணால் முறையாகப் பெருக்குகிறார், மட்டையும் சரியாக எழுதுகிறார். ஆனால் கடைசி வரியில் வீச்சு மட்டும் தவறிவிடுகிறது. இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. குறிகளின் தகவல் எந்தப் படியில் தொலைகிறது என்பதை மாணவருக்கு யாரும் எடுத்துக் காட்டாததே பெரும்பாலும் காரணம் என்று கருதுகிறேன். அதை ஒரே கணக்கைக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

z = (−5 + i) / (2 − 3i)

பகுதியில் உள்ள 2 − 3i என்பதன் இணைக் கலப்பெண் 2 + 3i. மெய்ப்பகுதியை அப்படியே விட்டுக் கற்பனைப் பகுதியின் குறியை மட்டும் மாற்றினால் அது கிடைக்கும். தொகுதியையும் பகுதியையும் இதனால் பெருக்குகிறோம். பகுதியில் (2 − 3i)(2 + 3i) = 4 − 9i² = 4 + 9 = 13 என்று ஒரு மெய்யெண் வந்துவிடுகிறது. தொகுதியை நான்கு பெருக்கங்களாகப் பிரித்து எழுதுவதையே நான் வலியுறுத்துவேன்:

(−5 + i)(2 + 3i) = −10 − 15i + 2i + 3i² = −10 − 13i − 3 = −13 − 13i

ஆகவே z = (−13 − 13i) / 13 = −1 − i.

இணைக் கலப்பெண்ணைத் தேர்ந்தெடுப்பதன் காரணம் பகுதியிலிருந்து i நீங்குவது மட்டுமன்று. ஒரு கலப்பெண்ணை ஆர்கன் தளத்தில் ஆதியிலிருந்து வரையப்பட்ட கோட்டுத்துண்டாகக் கொண்டால், அதன் நீளம் மட்டு, மிகை மெய் அச்சுடன் அது உண்டாக்கும் கோணம் வீச்சு. இணைக் கலப்பெண்ணின் மட்டு மூல எண்ணின் மட்டுதான். வீச்சு மட்டும் எதிர்க்குறி பெறுகிறது. எனவே 2 + 3i ஆல் பெருக்கும்போது தொகுதியின் கோணத்திலிருந்து 2 − 3i இன் கோணம் கழிக்கப்படுகிறது. 13 ஆல் வகுக்கும்போது நீளம் சரிசெய்யப்படுகிறது. வகுத்தல் என்பது கோணங்களின் கழித்தல் என்ற உண்மை இந்தப் பெருக்கலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்ட மாணவருக்கு, பின்னால் வரும் சரிபார்ப்பு தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்றாகத் தோன்றாது.

இப்போது மட்டு: |z| = √((−1)² + (−1)²) = √2. இதை வகுத்தலைச் செய்யாமலேயே கண்டிருக்கலாம். |−5 + i| = √26, |2 − 3i| = √13; இவற்றின் விகிதம் √2. இரு வழிகளிலும் ஒரே விடை வந்ததால் வகுத்தல் சரி என்று முடிவு செய்யும் பழக்கம் மாணவர்களிடம் பரவலாக இருக்கிறது. இந்த இடத்தில்தான் நிதானம் தேவை.

மட்டுச் சரிபார்ப்பு சில தவறுகளை நன்றாகவே பிடித்துவிடும். பகுதியில் 4 + 9 என்பதற்குப் பதிலாக 4 − 9 என்று எழுதி −5 பெற்றவருக்கு மட்டு ஏறத்தாழ 3.68 என்று வரும். அது √2 அன்று என்பது உடனே தெரியும். 3i² ஐ +3 என்று எடுத்தவருக்கு தொகுதி −7 − 13i ஆகும். மட்டு ஏறத்தாழ 1.14 என்று குறைந்துவிடும். ஆனால் தொகுதியை 2 + 3i ஆல் பெருக்குவதற்குப் பதிலாக, கை தவறி 2 − 3i ஆலேயே பெருக்கிவிட்டு, பகுதியில் மட்டும் 13 என்று எழுதியவரைப் பாருங்கள். அவருக்கு (−5 + i)(2 − 3i) = −10 + 15i + 2i − 3i² = −7 + 17i கிடைக்கும். இதன் மட்டு √(49 + 289) = √338, அதாவது 13√2. பதின்மூன்றால் வகுத்தால் அதே √2! விடை முற்றிலும் தவறு, சரிபார்ப்பு முற்றிலும் சரி. ஓர் எண்ணுக்கும் அதன் இணைக்கும் மட்டு ஒன்றே என்பதால், எதனால் பெருக்கினோம் என்பதில் நேர்ந்த குழப்பத்தை மட்டால் ஒருபோதும் காட்டிக்கொடுக்க முடியாது.

இதைவிட மறைவான ஒன்றும் உண்டு. கற்பனைப் பகுதிக்குப் பதிலாக மெய்ப்பகுதியின் குறியை மாற்றி −2 − 3i ஐ இணைக் கலப்பெண் என்று எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பகுதி (2 − 3i)(−2 − 3i) = −4 + 9i² = −13 என்று மெய்யெண்ணாகவே வருவதால் அவர்களுக்கு ஐயம் எழுவதில்லை. குறியை விடாமல் எழுதினால் விடையும் சரியாகவே வரும். ஆனால் வழக்கமாக அங்கே கூட்டல் எண்தான் வரும் என்ற நினைப்பில் 13 என்று எழுதிவிட்டால் z = 1 + i ஆகிவிடும். மட்டு அப்போதும் √2.

அடுத்து வீச்சு. சரியான விடையான −1 − i ஐ அடைந்த மாணவர் tan θ = y/x என்று எழுதி, (−1)/(−1) = 1 என்று சுருக்கி, θ = tan⁻¹(1) = π/4 என்று முடிக்கிறார். தவறாக 1 + i பெற்ற மாணவரும் அதே π/4 ஐத்தான் எழுதுகிறார். பக்கத்துத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இருவரும் தம் விடை சரி என்று நம்பிவிடுவார்கள். உண்மையில் −1 − i மூன்றாம் கால்பகுதியில், ஆதிக்கு இடப்பக்கம் கீழே இருக்கிறது. π/4 முதல் கால்பகுதியை, நேர் எதிர்த் திசையைக் காட்டுகிறது. y ஐ x ஆல் வகுத்த அந்த நொடியில் இரண்டு கழித்தல் குறிகளும் ஒன்றையொன்று நீக்கிக்கொண்டன. அதற்குப் பிறகு எந்தக் கணக்கீட்டாலும் அவற்றை மீட்க முடியாது. மேலும் tan⁻¹ இன் முதன்மை மதிப்புகள் −π/2 க்கும் π/2 க்கும் இடையில் மட்டுமே இருப்பதால், இடப்பக்கத்துப் புள்ளி எதற்கும் அது தானாகச் சரியான வீச்சைத் தராது.

ஆகையால் வகுப்பதற்கு முன்பே புள்ளி எந்தக் கால்பகுதியில் இருக்கிறது என்பதை எழுத்தில் பதிவு செய்துவிட வேண்டும். பிறகு குறிகளை விலக்கி α = tan⁻¹|y/x| என்ற குறுங்கோணத்தைக் காணலாம். முதல் கால்பகுதியானால் வீச்சு α, இரண்டாவதானால் π − α, மூன்றாவதானால் α − π, நான்காவதானால் −α. நம் கணக்கில் α = π/4, புள்ளி மூன்றாம் கால்பகுதி; எனவே முதன்மை வீச்சு π/4 − π = −3π/4. இந்த நான்கையும் சூத்திரமாக ஒப்பிப்பதை விட, ஒரு சிறு படம் வரைந்து மெய் அச்சிலிருந்து கோணத்தை அளந்து பார்ப்பது பாதுகாப்பானது என்பது என் அனுபவம். படம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, கால்பகுதி சரியாக இருந்தால் போதும். மெய்ப்பகுதி சுழியமானால் y/x என்பதே இல்லை. அப்போது புள்ளி கற்பனை அச்சில் மேலே இருந்தால் π/2, கீழே இருந்தால் −π/2 என்று நேரடியாக எழுதிவிடலாம்.

மட்டால் பிடிக்க முடியாத தவறுகளைப் பிடிப்பது வீச்சின் சரிபார்ப்பு. தொடக்கத்தில் கொடுக்கப்பட்ட இரு எண்களின் வீச்சுகளையும் தனித்தனியே கண்டு கழிக்க வேண்டும். −5 + i இரண்டாம் கால்பகுதியில் இருக்கிறது; tan⁻¹(1/5) ஏறத்தாழ 11.31° என்பதால் அதன் வீச்சு 168.69°. 2 − 3i நான்காம் கால்பகுதியில் இருக்கிறது. tan⁻¹(3/2) ஏறத்தாழ 56.31° என்பதால் அதன் வீச்சு −56.31°. கழித்தால் 168.69° + 56.31° = 225°. முதன்மை வீச்சு −180° ஐ விட அதிகமாகவும் 180° க்கு மிகாமலும் இருக்க வேண்டும். 225° அந்த எல்லையைத் தாண்டிவிட்டதால் 360° ஐக் கழிக்கிறோம். கிடைப்பது −135°, அதாவது −3π/4. இந்தக் கடைசிக் கழித்தலை மறந்து 5π/4 என்று நிறுத்துவோரும் உண்டு. திசை சரிதான், ஆனால் முதன்மை வீச்சு என்று கேட்ட வினாவுக்கு அது விடையாகாது. முன்னே பார்த்த −7 + 17i ஐயும் இதே சோதனைக்கு உட்படுத்துங்கள்: அதன் வீச்சு ஏறத்தாழ 112.38°. நமக்கு வர வேண்டியதோ −135°. மட்டு மறைத்துவிட்ட தவறு இங்கே வெளிப்பட்டுவிடுகிறது. 1 + i பெற்றவரின் 45° உம் இதே இடத்தில் அகப்படும்.

பொறியியல் கல்லூரிக்குச் சென்ற பிறகு கணினியே இதைச் செய்துவிடும் என்று நினைக்கும் மாணவர்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மாறுதிசை மின்சாரத்தில் செயல்படு திறனும் எதிர்வினைத் திறனும் ஒரு கலப்பெண்ணின் இரு பகுதிகளாக எழுதப்படுகின்றன. கூரையில் சூரிய மின்பலகை உள்ள இடத்திலிருந்து மின்சாரம் வலையமைப்புக்குத் திரும்பிச் செல்லும்போது செயல்படு திறன் எதிர்க்குறி பெறலாம். இரண்டும் எதிர்க்குறி பெற்ற நிலையில் அவற்றின் விகிதத்துக்கு மட்டும் tan⁻¹ கண்டால், மின்சாரம் உள்ளே வருவதாகவே கோணம் காட்டும். நிரல் எழுதுபவருக்கும் இதே கண்ணிதான் காத்திருக்கிறது:

```
import math, cmath
z = (-5 + 1j) / (2 - 3j)
print(math.atan(z.imag / z.real))   # 0.785...
print(cmath.phase(z))               # -2.356...
```

முதல் print வரி π/4 ஐயும் இரண்டாம் print வரி −3π/4 ஐயும் ரேடியனில் தருகின்றன. `atan2` என்ற சார்பு இரு பகுதிகளையும் தனித்தனியே பெற்றுக்கொள்வதால் குறிகள் தொலைவதில்லை. ஆனால் பைத்தானில் அதை `math.atan2(y, x)` என்று எழுத வேண்டும், எக்செல்லிலோ `ATAN2(x, y)` என்று வரிசை தலைகீழாக இருக்கிறது. எழுதிய நிரலையோ விரிதாளையோ −1 − i கொண்டு சோதித்து, வரும் கோணத்தைப் பாகைக்கு மாற்றினால், வெறும் tan⁻¹ பயன்பட்டிருந்தால் 45° என்று வந்து தெரிந்துவிடும். ஆனால் x உம் y உம் சமமாக இருப்பதால் வரிசை மாறியிருப்பது அதில் தெரியாது. அதற்கு 2 − 3i ஐயும் கொடுத்துப் பார்க்க வேண்டும்: −56.31° வந்தால் வரிசை சரி, 146.31° வந்தால் இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறோம்.