அரை மில்லிமீட்டர் தாளும் நாற்பது சென்டிமீட்டர் இரும்பும்

சென்னை ரிச்சி தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருகிறவர்களிடம் டிசி ஃபில்டருக்கு ஒரு சோக், அதாவது இரும்புக் கோரில் சுற்றிய கம்பிச் சுருள், வேண்டும் என்று கேட்டால், முதலில் வருகிற கேள்வி “எத்தனை ஆம்பியர்?”, அடுத்தது “கேப் எவ்வளவு?” கேப் என்றால் கோரின் இரண்டு பாதிகளுக்கு நடுவே விடுகிற காற்று இடைவெளி. இன்சுலேஷன் தாளை வெட்டி இடையில் வைத்து, கிளாம்பை இறுக்கிவிடுவார்கள். காந்தப்புலத்தைப் பொறுத்தவரை தாளும் காற்றும் ஒன்றுதான். அந்தச் சின்னத் தாள் கோருக்குள் எவ்வளவு காந்தப்பாயம் இருக்கும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. எப்படி என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கணக்கும் பெரிதல்ல, பள்ளியில் படித்த ஓம் விதிதான்.

மின்சுற்றில் மின்னழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் வருகிறது. காந்தச்சுற்றில் மின்னழுத்தத்தின் இடத்தில் இருப்பது ஆம்பியர்-சுற்று, அதாவது கம்பியில் ஓடும் ஆம்பியரைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கிய தொகை. மின்னோட்டத்தின் இடத்தில் காந்தப்பாயம், தடையின் இடத்தில் காந்தத்தடை. 1873-இலேயே ஹென்றி ரோலண்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் காந்தப்பாயத்தை ஓம் விதி போல எழுதிக் காட்டினார். 1886-இல் ஹாப்கின்சன் சகோதரர்கள் இதே வழியில் டைனமோவையே கணக்கிட்டார்கள்.

```
S = l / (μ₀ μᵣ A)
φ = N I / S
```

S என்பது காந்தத்தடை, l பாதையின் நீளம், A குறுக்குவெட்டுப் பரப்பு, μ₀ என்பது 4π × 10⁻⁷ என்ற மாறிலி, φ காந்தப்பாயம், N சுற்று, I ஆம்பியர். μᵣ என்பது ஒப்புமை உட்புகுதிறன், அதாவது அந்தப் பொருள் காற்றைவிட எத்தனை மடங்கு எளிதாகக் காந்தப்பாயத்தை விடுகிறது என்ற எண். பாதை நீளமானால் S கூடும், பாதை அகலமானால் குறையும், இரும்பு நல்ல இரும்பானாலும் குறையும். செம்புக் கம்பியின் தடையும் இப்படித்தானே நடந்துகொள்கிறது.

இப்போது நம் சோக். இரண்டு ‘ப’ வடிவக் கோர்களை எதிரெதிரே வைத்தது என்று கொள்வோம். இரும்பு வழியாக ஒரு முறை சுற்றிவர நடுக்கோட்டில் 40 செ.மீ. குறுக்குவெட்டு 2 செ.மீ.க்கு 2 செ.மீ., ஆக 4 சதுர செ.மீ. சிலிக்கான் எஃகின் ஒப்புமை உட்புகுதிறனை 4000 என்று வைப்போம். கம்பி 500 சுற்று, மின்னோட்டம் 1 ஆம்பியர். ஆம்பியர்-சுற்று 500.

தாளின் தடிமன் அரை மி.மீ. இங்கே பலர் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. இரண்டு ‘ப’ சேரும்போது இணைப்பு இரண்டு இடத்தில் வருகிறது. காந்தப்பாயம் ஒரு முறை சுற்றிவர இரண்டு தாளையும் தாண்டியாக வேண்டும். ஆகவே மொத்த இடைவெளி அரை மி.மீ. இல்லை, 1 மி.மீ.

மீட்டரில் மாற்றிச் சூத்திரத்தில் போட்டால், இரும்பின் காந்தத்தடை ஏறக்குறைய 2 லட்சம் ஆம்பியர்/வெபர். இடைவெளியின் காந்தத்தடை 19.9 லட்சம். 40 செ.மீ. இரும்பைவிட 1 மி.மீ. காற்று பத்து மடங்கு தடுக்கிறது! காற்றுக்கு ஒப்புமை உட்புகுதிறன் 1தான். அதனால் இந்த 40 செ.மீ. இரும்பு வெறும் 0.1 மி.மீ. காற்றுக்குச் சமம்.

இரண்டும் தொடர் இணைப்பு. கூட்டினால் 21.9 லட்சம். 500-ஐ இதனால் வகுத்தால் காந்தப்பாயம் 0.228 மில்லிவெபர். அதைப் பரப்பால் வகுத்தால் 0.57 டெஸ்லா. சிலிக்கான் எஃகு 2 டெஸ்லாவை ஒட்டித்தான் முழுதாகத் தெவிட்டும், அதாவது மேற்கொண்டு காந்தப்பாயம் ஏற மறுக்கும் என்பதால், இந்தக் கோர் நிம்மதியாக இருக்கிறது.

சரி, தாளே வைக்காமல் விட்டால்? காந்தத்தடை 2 லட்சம் மட்டும். கணக்கு 6.3 டெஸ்லா என்கிறது. அப்படி ஒரு எண் எந்த இரும்பிலும் வராது. சூத்திரம் 4000 என்ற உட்புகுதிறன் மாறாமல் இருக்கும் என்று நம்பியது, ஆனால் இரும்பு தெவிட்டத் தொடங்கியதும் அது சரிந்துவிடுகிறது. இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் கடைசியில் டெஸ்லாவைப் பார்க்காமல் எழுந்துபோகக் கூடாது என்பது இதனால்தான். 1.5 டெஸ்லாவை வரம்பாக வைத்தால், இடைவெளி இல்லாத கோர் கால் ஆம்பியரிலேயே அதைத் தொட்டுவிடும். தாள் வைத்த கோர் 2.6 ஆம்பியர் வரை தாங்கும்.

தாளால் இன்னொரு லாபமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. கடையில் வாங்குகிற ஸ்டாம்பிங்கின் உட்புகுதிறன் உண்மையில் 4000தானா என்று யாராலும் சொல்ல முடியாது. பாதிதான், 2000 என்று வையுங்கள். இரும்பின் தடை 4 லட்சமாகிறது, மொத்தம் 23.9 லட்சம், காந்தப்பாயம் 8 சதவீதம் மட்டும் குறைகிறது. இடைவெளி இல்லாத கோராக இருந்தால் பாதியாகக் குறைந்திருக்கும். மோசமான இரும்பின் குறையைக் காற்று மூடிவிடுகிறது.

மின்சுற்றோடு ஒப்பிடுவது எல்லா இடத்திலும் பொருந்தாது. கம்பியை விட்டு மின்சாரம் காற்றில் கசிவதில்லை, ஏனென்றால் காற்று கிட்டத்தட்ட முழு மின்காப்பு. காந்தத்துக்கு அப்படி ஒரு காப்புப்பொருள் சாதாரணமாகக் கிடையாது. இரும்பு காற்றைவிடச் சில ஆயிரம் மடங்கு நல்ல பாதை, அவ்வளவுதான். அதனால் இடைவெளியில் காந்தக்கோடுகள் பக்கவாட்டில் உப்பிக்கொண்டு போகும். வழக்கமான திருத்தம் எளிது: இடைவெளியின் நீள அகலத்தில் அந்த இடைவெளியின் தடிமனைக் கூட்டிவிட வேண்டும். ஓர் இணைப்பில் தாள் அரை மி.மீ. என்பதால் 20 மி.மீ. பக்கம் 20.5 மி.மீ. ஆகிறது. இடைவெளியின் தடை 18.9 லட்சமாக இறங்குகிறது, மொத்தம் 20.9 லட்சம், கோரில் 0.60 டெஸ்லா. இடைவெளி பக்கத்தின் நீளத்துக்கு அருகில் போகும் அளவு பெரிதானால் இந்தத் திருத்தத்தை நம்ப வேண்டாம்.

அப்புறம், சுற்றிய சோக்கைச் சோதிப்பது. காந்தப்பாயத்தை நேராக அளக்கச் சாமானியரிடம் கருவி இல்லை, எல்சிஆர் மீட்டர் கிடைக்கும். மின்தூண்டல் எண் என்பது சுற்றுகளின் வர்க்கத்தைக் காந்தத்தடையால் வகுத்தது. 500-இன் வர்க்கம் இரண்டரை லட்சம், அதை 20.9 லட்சத்தால் வகுத்தால் 0.12 ஹென்றி. மீட்டர் 0.10 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கைத் திருப்பிப் போட்டால் மொத்தத் தடை 25 லட்சம், இரும்பின் 2 லட்சம் போக 23 லட்சம். அது சுமார் 1.2 மி.மீ. இடைவெளி. தாளுக்கு மேல் ஓர் இணைப்புக்கு 0.1 மி.மீ. எங்கோ ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் வெட்டுமுகத்தில் காய்ந்த வார்னிஷ், அல்லது வெட்டும்போது எழுந்த பிசிறு, அல்லது சரியாக இறுகாத கிளாம்ப்.

ஆனால் 500 சுற்றுக்குப் பதில் 458 சுற்றியிருந்தாலும் மீட்டர் அதே 0.10-ஐத்தான் காட்டும். எது என்று பிரித்தறிய, சுருளுக்கு மேலேயே மெல்லிய கம்பியால் 10 சுற்று சுற்றிக்கொண்டு, சோக்குக்கு 50 ஹெர்ட்ஸில் 10 வோல்ட் ஏசி கொடுத்து அந்த 10 சுற்றில் எவ்வளவு வருகிறது என்று பார்க்கலாம். இரண்டு சுருளிலும் ஒரே காந்தப்பாயம்தான் ஓடுகிறது என்பதால், இடைவெளி எவ்வளவாக இருந்தாலும் இந்த விகிதம் ஏறக்குறைய மாறாது. 0.20 வோல்ட் வந்தால் சுற்று சரி, கிளாம்பைக் கழற்றி வெட்டுமுகத்தைத் தேய்க்க வேண்டியதுதான். 0.22-ஐ ஒட்டி வந்தால் கோரைத் தொட வேண்டாம், விடுபட்ட 42 சுற்றைச் சுற்றியாக வேண்டும்.