சட்டி கோணலாக இருக்கலாம், கிளேஸ் கோணலாக இருக்கக் கூடாது

மண்சட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் செய்கிற காரியம், சட்டியைத் தரையில் வைத்து ஆட்டிப் பார்ப்பதுதான். ஆடினால் வேண்டாம். ஒரு பக்கம் கறுத்திருந்தால் அதுவும் வேண்டாம். விளிம்பு சரியான வட்டமாக இல்லையா, தள்ளி வை. கடைசியில் கையில் எடுப்பது, உள்ளும் புறமும் பளபளவென்று இருக்கிற ஒன்றை. பீங்கானும் மண்பாண்டமும் பரிசோதிக்கிற ஆய்வகத்தில் வேலை செய்கிறவன் நான். இப்படித் தள்ளி வைக்கப்படுவது பெரும்பாலும் நல்ல சட்டிதான். சந்தேகப்பட வேண்டியது கையில் எடுத்ததைத்தான்.

கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு இல்லாத சாதாரணச் சமையல் சட்டியை முதலில் பார்ப்போம். அது சக்கரத்தில் முழுதாக முடிவதில்லை. வாயும் தோளும் சக்கரத்தில் உருவாகும். கொஞ்சம் உலர்ந்ததும் உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை உருட்டுவார்கள். தட்டத் தட்ட மண் நெருக்கமாகிறது, சுவர் மெலிகிறது. வெளிப்பக்கத்தை விரலால் தடவினால் அந்தத் தட்டிய தடம் மெல்லிய மேடு பள்ளமாகத் தெரியும். அந்த உருண்டை அடி தரையில் ஆடத்தான் செய்யும், ஆனால் அடுப்புச் சூட்டைச் சீராக வாங்கிக்கொள்ளும். தட்டையான அடியும் கூர்மையான மூலையும் உள்ள சட்டி மேடையில் அழகாக நிற்கும், விரிசல் அந்த மூலையில்தான் ஆரம்பிக்கும்.

கறுப்புத் திட்டும் அப்படித்தான். விறகும் வைக்கோலும் போட்டுச் சுடும் சூளையில் காற்று போகாத இடத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்காது, புகைக்கரியும் படிந்துவிடும். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. முழுக்கக் கறுப்பான சட்டியைச் செய்வதும் இதே வழியில்தான், வேண்டுமென்றே புகை மூட்டுவார்கள்.

இந்தச் சட்டியில் தள்ள வேண்டிய குறை வேறு. விரலால் சுண்டினால் மணிபோல் ஒலிக்காமல் மொத்தென்று கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. உள்சுவரில் மிளகளவு பள்ளமும் அதன் நடுவில் வெள்ளைப் புள்ளியும் இருந்தால் மண்ணில் சுண்ணாம்புக்கல் கலந்திருக்கிறது. சூளையில் வெந்த சுண்ணாம்பு பிறகு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து ஊதும், மேல் மண்ணைத் தெறிக்க வைக்கும். வாங்கிப் பல நாள் கழித்தும் தெறிக்கும்.

சரி, இனி பளபளப்புக்கு வருவோம். கடையில் நீங்கள் பார்க்கிற பளபளப்பு மூன்று வகை. முதலாவது, காவி மண்கரைசல் பூசிக் கூழாங்கல்லால் தேய்த்த மெருகு. இது மண்தான், பயமில்லை. இரண்டாவது, சுட்ட பிறகு மேலே அடித்த வார்னிஷ் அல்லது பெயின்ட். மூன்றாவது கிளேஸ், அதாவது சூளையில் உருகி ஒட்டிக்கொண்ட கண்ணாடிப் படலம்.

இவற்றைப் பிரித்தறிவது சுலபம். உள்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வெறும் மண் சில நொடிகளில் உறிஞ்சிவிடும், கல்லால் தேய்த்து மெருகேற்றியது கொஞ்சம் தாமதித்து உறிஞ்சும். சொட்டு முத்தாக நின்றால் மேலே ஏதோ பூச்சு இருக்கிறது. அப்புறம் நகப்பூச்சை அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு அழுத்தித் துடையுங்கள். பஞ்சில் பிசுபிசுப்பாக நிறம் ஏறினாலோ பளபளப்பு மங்கினாலோ அது வார்னிஷ் அல்லது பெயின்ட், அதில் சமைக்கக் கூடாது. ஒன்றுமே ஆகவில்லை என்றால் பெரும்பாலும் கிளேஸ். காவி பூசிய சட்டியில் பஞ்சு லேசாகச் சிவக்கலாம். அது வெறும் தூசி, பிசுபிசுக்காது.

உண்மையான சிக்கல் கிளேஸில்தான் இருக்கிறது. காரணத்தைப் புரிந்துகொண்டால் கடையில் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கிளேஸுக்கு மூலப்பொருள் மணல், அதாவது சிலிக்கா. அது தனியாக உருக 1,700 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். எந்தக் குயவர் சூளையிலும் அது நடக்காது. அதனால் உருகுநிலையை இறக்கும் பொருளொன்றைக் கலக்க வேண்டும். பாட்டி காலத்து ஊறுகாய் ஜாடிக்குக் களிமண்ணே வேறு, 1,200 டிகிரி வரை தாங்கும். அந்தச் சூட்டில் பெல்ட்ஸ்பார் என்ற கனிமமே அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் சிவப்பு மண்சட்டியை 1,200 டிகிரிக்குக் கொண்டுபோனால் சட்டியே தொய்ந்து உருகிவிடும். நாட்டுச் சூளைகள் எட்டும் சூடு பெரும்பாலும் 700 முதல் 900 டிகிரிக்குள்தான். அந்தக் குறைந்த சூட்டில் கண்ணாடியை உருக்க நடைமுறையில் இரண்டு வழி. ஒன்று போரான் கலந்து ஏற்கெனவே உருக்கி அரைத்த தூள். அது பாதுகாப்பானது, ஆனால் விலை அதிகம், பொதுவாக 1,000 டிகிரிக்கு மேல் சீரான சூடும் கேட்கும். மற்றது காரீய ஆக்சைடு. 888 டிகிரியிலேயே உருகும், மலிவு, தேன் ஊற்றியதுபோல் அழகாகப் பளபளக்கும். ஆனால் காரீயம் நஞ்சு. (ரசம் வைக்கும் ஈயச் சொம்பில் இருப்பது வெள்ளீயம். அது வேறு உலோகம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஆகவே சிவப்பு மண்ணின்மேல் கண்ணாடிப் பளபளப்பைப் பார்த்தால் எனக்கு உடனே எழும் கேள்வி, இதை எது உருக்கியது என்பதுதான்.

இதற்குப் பேர்போன இடம் மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்திலுள்ள சாந்தா மரியா அத்சோம்பா. அந்த ஊரின் பச்சை நிற மண்பாண்டம் உலகப் புகழ் பெற்றது. அங்கே தலைமுறைகளாகப் பயன்படுத்திய கிளேஸ் காரீய ஆக்சைடுதான், ‘கிரேதா’ என்பார்கள். பச்சை நிறம் தாமிரத்திலிருந்து வருகிறது. காரீய கிளேஸில் தாமிரம் சேர்ந்தால் காரீயம் புளிப்பில் கரைவது மிகவும் கூடிவிடும். கண்ணுக்குப் பிடித்த அந்தப் பச்சைதான் அதிகம் கசிய விடுகிறது. பாதுகாப்பான கிளேஸுக்கு மாறிய குயவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் மாறுவதென்றால் பூச்சை மட்டும் மாற்றினால் போதாது, சூளையையும் சுடும் முறையையும் மாற்ற வேண்டும். அங்குள்ள இழுபறி அதுதான்.

எங்கள் ஆய்வகத்துக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு அம்மா கண்காட்சியில் வாங்கிய இரண்டு சட்டிகளைக் கொண்டுவந்தார். செம்மண் உடல், உள்ளே பச்சை கலந்த கிளேஸ். “கையால செஞ்சதுங்க, அதான் அங்கங்க ஏறி இறங்கி இருக்கு” என்றார். வாஸ்தவம், இரண்டும் ஒரே ஜோடி, ஒரே சூளை. ஒன்றில் கிளேஸ் ஓரளவு சீராக உருகி வழவழப்பாக இருந்தது. மற்றதில் ஒரு பக்கம் மங்கலாக, நகத்துக்குச் சொரசொரவென்று தட்டியது. அடியில் ஊசிமுனை அளவில் துளைகள், மெல்லிய வலைபோல் விரிசல் கோடுகள்.

பரிசோதனை எளிமையானது. 4 சதவீத அசெட்டிக் அமிலத்தை, கிட்டத்தட்ட வீட்டு வினிகர் பலம், சட்டியில் நிரப்பி அறை வெப்பத்தில் 24 மணி நேரம் மூடி வைப்போம். பிறகு அந்தத் திரவத்தில் எவ்வளவு காரீயம் இறங்கியிருக்கிறது என்று கருவியில் அளப்போம். ஐரோப்பிய விதிப்படி சமையல் பாத்திரத்துக்கு மேல்வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். வழவழப்பான சட்டி அதை ஒட்டி, சற்றுக் கீழே நின்றது. சொரசொரப்பான சட்டி லிட்டருக்கு 6 மில்லிகிராம் காட்டியது.

ஒரே கலவையில் ஏன் இந்த வித்தியாசம்? நன்றாக வெந்த கிளேஸில் காரீயம் சிலிக்காவோடு இறுகப் பிணைந்திருக்கும். சூடு போதாத இடத்தில் பாதி பிணையாமல் தங்கிவிடும், புளிப்பு பட்டதும் கழன்று வரும். விறகுச் சூளையில் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் நூறு டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். வரம்புக்குள் வந்த சட்டியையும் நான் சமையலுக்குப் பரிந்துரைக்கவில்லை. கொதிப்பிலும் தேய்ப்பிலும் கிளேஸ் அரிக்க அரிக்க இந்த எண் மாறும்.

6 மில்லிகிராம் என்றால் என்ன? ஒரு கரண்டி, அதாவது 100 மில்லி, என்று வைத்துக்கொண்டால் 600 மைக்ரோகிராம். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு உணவு வழியாக ஒரு நாளில் தாண்டக் கூடாதென்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் அளவு 8.8 மைக்ரோகிராம், குழந்தைகளுக்கு 2.2. நம் புளிக்குழம்பு பரிசோதனை அமிலம் அளவுக்குப் புளிப்பில்லைதான். ஆனால் பரிசோதனையில் சட்டி குளிர்ந்திருக்கிறது, அடுப்பில் கொதிக்கிறது. மீன்குழம்பை மறுநாள் வரை அதே சட்டியில் விட்டால்தான் ருசி என்கிற வழக்கமும் நமக்கு உண்டு. பத்தில் ஒரு பங்கு இறங்கினாலும் கணக்கு உதைக்கிறது.

அந்த அம்மா கேட்ட அடுத்த கேள்வி எல்லோரும் கேட்பது: “புளித்தண்ணி ஊத்திப் பலதடவ கொதிக்க வெச்சுப் பழக்கிட்டா சரியாயிடாதா?” ஆகாது. அதே சட்டியில் மறுபடி அமிலம் ஊற்றி வைத்தோம். இரண்டாம் முறை எண் குறைந்தது, ஆனாலும் வரம்பைத் தாண்டித்தான் இருந்தது. மேல் அடுக்கு போனால் கீழ் அடுக்கு வெளிப்படும், அவ்வளவுதான். கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்குவது கிளேஸ் இல்லாத சட்டிக்கானது. அங்கே மாவுப்பசை மண்ணின் நுண்துளைகளை அடைக்கிறது, அதனால் கசிவு குறைகிறது. கிளேஸ் சட்டியில் அதற்கு வேலையே இல்லை.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வினிகரை ஒரு ராத்திரி பாதி உயரத்துக்கு ஊற்றி வையுங்கள். காலையில் கொட்டிவிட்டுப் பார்த்தால் நனைந்த பகுதி மங்கியோ நிறம் மாறியோ இருந்தால் கிளேஸ் கரைகிறது, அதைச் சமையலறையிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் மாற்றம் இல்லை என்பது நற்சான்று ஆகாது. கண்ணுக்குத் தெரியாத அளவே போதும் கெடுதல் செய்ய. காரீயம் இருந்தால் தேய்த்ததும் சிவக்கும் சோதனைப் பஞ்சுக்குச்சிகளுக்கும் இதே குறை.

விற்கிறவரிடம் “லெட் ஃப்ரீயா?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். 4 சதவீத அமிலத்தில் 24 மணி நேர அறிக்கை இருக்கிறதா, காரீயமும் கேட்மியமும் இரண்டும் பார்த்தார்களா என்று கேளுங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிற கிளேஸில் கேட்மியம் என்ற நச்சு உலோகமும் வரலாம். அறிக்கை இல்லையென்றால் கிளேஸ் இல்லாத சட்டியை வாங்குங்கள், விலையும் குறைவு. கிளேஸ் வெளிப்பக்கம் மட்டும் இருந்து உள்ளே வெறும் மண் என்றால் ஆபத்து குறைவு, ஆனால் விளிம்பைத் தாண்டி உள்ளே வழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இடையில் ஒரு வதந்தியும் சுற்றுகிறது, எக்ஸ்ரே கருவியில் வைத்தால் வெறும் மண்சட்டியிலேயே காரீயம் காட்டுகிறதாம். காட்டும். பூமியின் மண் எதிலும் பத்து லட்சத்தில் பத்து இருபது பங்கு காரீயம் இயல்பாக இருக்கிறது. அந்தக் கருவி மொத்த அளவைச் சொல்கிறது, குழம்பில் எவ்வளவு இறங்கும் என்பதைச் சொல்வதில்லை. காரீய கிளேஸில் இருப்பதோ நூற்றுக்குப் பாதிவரை போகும்.

பச்சையோ தேன்நிறமோ பளபளக்கும் செம்மண் சட்டியில் மாதக்கணக்கில் சமைத்திருந்தால், வீட்டில் சிறு குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், மருத்துவரிடம் சொல்லி ரத்தக் குழாயிலிருந்து எடுத்த ரத்தத்தில் காரீய அளவு பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணியைக் குறிப்பிடக் காரணம், காரீயம் கால்சியத்தின் இடத்தில் எலும்பில் போய்த் தங்கும், கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து மறுபடி ரத்தத்துக்கு இறங்கும். குழந்தைகளுக்கு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமைத் தாண்டினால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது 2021 முதல் அமெரிக்காவில் பின்பற்றும் அளவு. அந்த அளவுகளில் மருந்து ஏதும் தர மாட்டார்கள், பாத்திரத்தை நிறுத்துவதுதான் சிகிச்சை. நிறுத்திய சட்டியை வேலைக்காரப் பெண்ணுக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுத்துவிடாதீர்கள். அடியில் ஒரு துளை போட்டுவிட்டால் யாரும் அதில் சமைக்க மாட்டார்கள், பூச்செடி வைக்கலாம். கீரை வேண்டாம்.