ஒப்புகை: ‘புகாரை ஒப்புக்கொள்கிறோம்’ என்று எழுதலாமா?

ஒரு நூற்பாலையின் மனிதவளத் துறைக்காகக் கடிதங்களைத் தமிழில் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்த்தும் கூலி வரவில்லை என்று ஒரு தொழிலாளி எழுதிக்கொடுத்திருந்தார். அதற்கான பதிலின் வரைவு இப்படித் தொடங்கியது: ‘தங்கள் புகாரை ஒப்புக்கொள்கிறோம்.’ அது அப்படியே போயிருந்தால் விசாரணையே தேவைப்பட்டிருக்காது. கூலியைக் கொடுக்காதது உண்மைதான் என்று நிர்வாகமே முத்திரை வைத்துக் கொடுத்ததாகிவிடும்.

எழுதியவர் மனத்தில் இருந்தது ‘அக்னாலெட்ஜ்’ என்ற ஆங்கிலச் சொல். அதன் வேர் அறிதல். தெரிந்துகொண்டேன், வந்து சேர்ந்தது என்று சொல்லவும் அது உதவும். ஆமாம், உண்மைதான் என்று ஏற்கவும் உதவும். தமிழில் ‘ஒப்பு’ வேறு வேரிலிருந்து வருகிறது. ஒத்திருத்தல், இசைதல் என்பதுதான் அதன் அடிப்படை. கையொப்பமும் ஒப்பந்தமும் அந்தக் குடும்பம்தான். அதனால் ‘ஒப்புக்கொள்’ என்றாலே நம் காதில் இசைவு விழுகிறது. ‘ஒப்புதல்’ என்றால் அனுமதி, ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்றால் குற்றத்தை ஏற்றுச் சொன்னது.

‘ஒப்புகை’ மட்டும் கொஞ்சம் தனியாக நிற்கிறது. பதிவுத் தபாலோடு வந்துகொண்டிருந்த ஒப்புகை அட்டை, மனு கொடுத்ததும் தரும் ஒப்புகைச் சீட்டு என்று அலுவலகப் புழக்கத்தில் அது ‘பெற்றதற்கான சான்று’ என்ற பொருளில் ஊன்றிவிட்டது. ஆக, கடிதத்தின் பெயர் ‘ஒப்புகைக் கடிதம்’ என்று இருக்கலாம். உள்ளே வினையாக வரும்போது ‘பெற்றுக்கொண்டோம்’, ‘கிடைக்கப்பெற்றது’ என்று எழுதுவதே சரி.

‘புகார்’ பற்றியும் ஒரு வார்த்தை. அது கூப்பிடுதல், கூக்குரல் என்ற பொருளுள்ள இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துப் புகாருக்கும் அதற்கும் உறவில்லை. ஆங்கிலத்தின் ‘கிரீவன்ஸ்’ லத்தீன் மொழியில் ‘கனமான’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து, பிரெஞ்சு வழியாக வந்தது, அதாவது மேலே ஏற்றப்பட்ட பாரம். நமக்கோ அது ‘குறை’, கிடைக்கவேண்டியது கிடைக்காத நிலை. கூலிப் பாக்கிக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. எழுத்தில் கொடுத்த தாளை ‘முறையீடு’ என்றும், அதில் சொல்லப்பட்ட விஷயத்தைக் ‘குறை’ என்றும் பிரித்துக்கொண்டால் கடிதம் குழம்பாது.

அந்த வரைவை இப்படி மாற்றினோம்:

‘மார்ச் 4 அன்று தாங்கள் எழுத்தில் அளித்த முறையீட்டை அன்றே பெற்றுக்கொண்டோம். பிப்ரவரியில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் செய்த 24 மணி நேர மிகைநேர வேலைக்குக் கூலி வரவில்லை என்று அதில் தெரிவித்துள்ளீர்கள். இது குறைதீர்க்கும் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. வருகைப் பதிவும் கூலிப் பதிவேடும் ஒப்பிட்டுப் பார்க்கப்படும். தங்கள் மேற்பார்வையாளரிடம் எழுத்தில் விளக்கம் கேட்கப்படும். மார்ச் 11 காலை 11 மணிக்குக் குழு தங்கள் தரப்பை நேரில் கேட்கும். விரும்பினால் சக தொழிலாளி ஒருவரை அழைத்து வரலாம். முடிவு ஏப்ரல் 3-க்குள் எழுத்தில் தெரிவிக்கப்படும்.’

இரண்டாவது வாக்கியத்தில் ‘வரவில்லை என்று தெரிவித்துள்ளீர்கள்’ என்றிருப்பதைக் கவனியுங்கள். அது தொழிலாளி சொன்னதை அவர் சொன்னதாகவே வைக்கிறது. நிர்வாகம் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஏப்ரல் 3 என்ற தேதியும் சும்மா போட்டதல்ல. 20 பேரோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் வேலை செய்யும் இடத்தில் குறைதீர்க்கும் குழு இருக்கவேண்டும், முறையீடு வந்த 30 நாளில் அது வேலையை முடிக்கவேண்டும் என்பது 2020-ம் ஆண்டு தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின் கணக்கு. பழைய 1947-ம் ஆண்டுச் சட்டத்தில் இது 45 நாளாக இருந்தது. பழைய படிவத்தை நகலெடுப்பவர்கள் இன்னமும் 45 என்றே போட்டுவிடுகிறார்கள்.

‘விசாரணை’ என்ற சொல்லை அந்தக் கடிதத்தில் வேண்டுமென்றே தவிர்த்தோம். ஆலைகளில் அந்தச் சொல்லைக் கேட்டால் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் சஸ்பென்ஷனும்தான் நினைவுக்கு வரும். அது ஊழியர்மேல் குற்றம் சாட்டி நடத்துவது. இங்கே நடப்பது பதிவேட்டைப் புரட்டி உண்மையை அறிவது மட்டும்தான். குறை சொன்னவரே ‘என்மேல் விசாரணையா?’ என்று பதறிவிடக் கூடாது, இல்லையா? தலைப்பு கட்டாயம் வேண்டுமென்றால் ‘உண்மை அறிதல்’ போதும். ‘புலனாய்வு’ போலீஸுக்கு உரியது, அதை அவர்களிடமே விட்டுவிடலாம்.

அப்புறம், கடிதத்தின் அலுவலக நகலில் தொழிலாளியிடம் கையெழுத்து வாங்குவார்கள். அங்கேயும் ‘மேற்கண்டதை ஒப்புக்கொள்கிறேன்’ என்று அச்சடித்து வைத்திருந்தார்கள். அதை அடித்துவிட்டு, ‘கடிதம் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, தேதி போட இடம் விட்டோம்.