வாட் மணி

சேலம் புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடையில் பவர் பேங்க் கேட்டால், “பத்தாயிரமா, இருபதாயிரமா?” என்பார்கள். அந்த ஆயிரங்கள் மில்லி ஆம்பியர் மணி. கமலாபுரம் விமான நிலையத்தில் செல்லுபடியாகும் கணக்கு வேறு. அது அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் வாட் மணி.

ஆம்பியர் மணி மின்னூட்டத்தின் அளவு. வாட் மணி ஆற்றலின் அளவு. மேட்டூர் அணையில் ஒரே அளவு தண்ணீரைத் திறந்தாலும், நீர்மட்டம் 120 அடியில் இருக்கும்போது கிடைக்கும் மின்சாரம் 60 அடியில் கிடைக்காது. தண்ணீரின் அளவுதான் ஆம்பியர் மணி, உயரம் வோல்ட். இரண்டையும் பெருக்கினால்தான் ஆற்றல் தெரியும்.

பவர் பேங்கின் உள்ளே இருக்கும் லித்தியம் மின்கலத்தின் அழுத்தம் பொதுவாக 3.7 வோல்ட். கடைக்காரர் சொல்லும் இருபதாயிரம் அந்த அழுத்தத்தில் உள்ள கணக்கு:

```
20000 mAh × 3.7 V ÷ 1000 = 74 Wh
```

ஆனால் யூஎஸ்பி வழியாக வெளியே வருவது 5 வோல்ட். அழுத்தம் ஏறினால் மின்னூட்டம் குறையும். 74ஐ 5ஆல் வகுத்தால் 14,800தான். அழுத்தத்தை உயர்த்தும் சுற்று சூடாகும்போது இன்னும் கொஞ்சம் போகும். நூற்றுக்கு 85 தேறினால் சுமார் 12,600. பெட்டியில் ‘ரேட்டட் கெபாசிட்டி’ என்று சிறிதாகப் போட்டிருப்பது இந்த எண்ணைத்தான். போனின் 5,000மும் மின்கலத்தின் 3.7 வோல்ட் கணக்குதான், அதாவது 18.5 வாட் மணி; வெளியே வரும் சுமார் 63 வாட் மணியை அதனால் வகுத்தால் மூன்றுக்குச் சற்று மேல். நான்கு முறை ஏறும் என்று நம்பி ஏற்காட்டுக்குக் கொண்டுபோனவருக்குச் சுமார் மூன்று முறைதான் ஏறும். போனும் ஏற்றிக்கொள்ளும்போது கொஞ்சம் வெப்பமாக இழக்கிறது. பவர் பேங்க் பழுதில்லை.

வாட் என்பது ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஜேம்ஸ் வாட்டின் பெயர். 1882இல் வில்லியம் சீமென்ஸ் அதை அலகின் பெயராக முன்மொழிந்தார். ஆள்பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஆங்கில ‘ஹவர்’ மட்டும் ‘மணி’ ஆகிறது. புதிய சொல்லும் அல்ல. கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட் 1,000 வாட் மணி, அதாவது ஒரு கிலோவாட் மணி. பவர் பேங்கைச் சிலர் ‘மின்தேக்கி’ என்று எழுதுகிறார்கள். அது தவறு; பாடநூலில் மின்தேக்கி என்றால் கெப்பாசிட்டர். ‘திறன் வங்கி’யும் பொருந்தாது, சேமிக்கப்படுவது திறனல்ல, ஆற்றல். ‘மின் சேமிப்பி’ என்பதே என் தேர்வு.

விமானத்தில் இதைக் கைப்பையில் மட்டுமே கொண்டுபோகலாம். சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது. பொது விதிப்படி 100 வாட் மணி வரை தனி அனுமதி வேண்டாம். அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 160ஐத் தாண்டினால் இடமில்லை. முப்பதாயிரம் என்றால் 111 வாட் மணி, எனவே முன்கூட்டியே கேட்டாக வேண்டும். அட்டையில் வாட் மணி இல்லாவிட்டால் மில்லி ஆம்பியர் மணியை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுங்கள்; வெளியே வரும் 5 வோல்ட்டால் பெருக்கினால் 74 உள்ளதும் 100 என்று தவறாகக் காட்டும். எழுத்தே அழிந்துபோன பவர் பேங்காக இருந்தால் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்ளக்கூடும். அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.