திடீர் லாப வரி: லாபத்துக்கா, விலைக்கா?

போர் வருகிறது, எண்ணெய் விலை இரண்டு மடங்காகிறது. பழைய கிணறு, பழைய குழாய், ஆள் பலமும் அதேதான். ஆனாலும் நிறுவனத்துக்குப் பணம் கொட்டுகிறது. உழைத்துச் சேர்த்ததல்ல, அதனால் ஒரு பங்கு பொதுக் கஜானாவுக்கு வரட்டும் என்பதுதான் திடீர் லாப வரி. கேட்க எளிமையாக இருக்கிறது, சிக்கல் எல்லாம் அதை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான்.

அமெரிக்கா 1980-ல் கச்சா எண்ணெய்க்கு இப்படி ஒரு வரி போட்டது. பெயரில் லாபம் இருந்தாலும் அது அடிப்படையில் விலை மீதான வரி. பழைய கிணறுகளின் எண்ணெய்க்கு ஏறக்குறைய 13 டாலரை அடிப்படை விலையாக வைத்துக்கொண்டு, அதற்கு மேல் கிடைப்பதில் 70 சதவீதத்தைப் பெரிய நிறுவனங்களிடம் எடுத்தார்கள். பீப்பாய் 33 டாலருக்கு விற்றால் வித்தியாசம் 20, வரி 14 டாலர் (சில கழிவுகளை விட்டுவிட்டுச் சொல்கிறேன்). புதிதாகக் கண்டுபிடித்த எண்ணெய்க்கு விகிதம் குறைவு, காரணம் புரிகிறதல்லவா? பழைய கிணறு ஏற்கனவே தோண்டியாகிவிட்டது, வரி போட்டாலும் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் புதுக் கிணற்றை யாரும் தோண்டாமலே விட்டுவிடலாம். ஆதரிப்பவர்களின் வலுவான வாதமும் இதிலிருந்துதான் வருகிறது: ஏற்கனவே நடந்துவிட்ட லாபத்தில் கை வைத்தால் உற்பத்தி பெரிதாகக் குறையாது.

சரி, வசூல்? 390 பில்லியன் டாலருக்கு மேல் வரும் என்று கணித்தார்கள், வந்தது சுமார் 80 பில்லியன். எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போகும் என்று நினைத்துப் போட்ட கணக்கு அது. 1986-ல் விலை சரிந்ததும் வரி வருவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது, ஆனால் பீப்பாய் பீப்பாயாகக் கணக்கு எழுதும் தொல்லை மட்டும் நிற்கவில்லை. இறக்குமதி எண்ணெய்க்கு இந்த வரி கிடையாது என்பதால் உள்நாட்டு உற்பத்தியாளருக்கு மட்டும் அடி. 1988-ல் ரத்து செய்தார்கள்.

பிரிட்டன் 2022-ல் வேறு வழியில் போனது. வட கடல் எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் லாபத்தின் மீதே, ஏற்கனவே இருந்த 40 சதவீதத்தோடு இன்னொரு 25 சேர்த்தது. புது முதலீடு செய்தால் 2024 வரை பெரிய கழிவும் இருந்தது. என் பார்வையில் இது நேர்மையான வடிவம், செலவு போக மிஞ்சுவதைத்தானே தொடுகிறது.

எதிர்ப்பவர்களின் கேள்வி வேறு. விலை விழுந்து நஷ்டம் வந்த வருடங்களில் அரசு பங்கு போட்டுக்கொள்ளுமா? ஒருமுறை போட்டால் அடுத்த ஏற்றத்திலும் போடுவார்கள் என்று முதலீட்டாளர் முன்கூட்டியே கணக்குப் போட மாட்டாரா? இதை வெறும் புலம்பல் என்று ஒதுக்க முடியவில்லை. பிரிட்டனின் தற்காலிக வரி முதலில் 2025 கடைசியோடு முடிவதாக இருந்தது. அப்புறம் 2028, 2029 என்று தள்ளித் தள்ளி இப்போது 2030 மார்ச் என்கிறார்கள், விகிதமும் 25-லிருந்து 38-க்கு ஏறிவிட்டது.