சுவிட்ச் போர்டில் ஒரு சிவப்பு விளக்கு

"ஊதுபத்தியை எப்பவோ நிறுத்திட்டோம் டாக்டர். இப்ப புகையே வராதது ஒன்னு வாங்கி மாட்டியிருக்கோம்."

இதே வார்த்தைகளை இந்த மாதம் என்னிடம் சொன்ன நான்காவது அம்மா அவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வீசிங் உள்ள குழந்தைக்குப் புகை ஆகாது என்று நான்தான் சொன்னேன், அதைக் கேட்டுப் புகையை நிறுத்தினார். வாசனையே ஆகாது என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் விட்டது என் தவறு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய மகளுக்கு ஒன்பது வயது. மூன்று வருடமாக வீசிங், அதாவது ஆஸ்துமா. தினம் இரண்டு வேளை ஸ்பேசர் வைத்துத் தடுப்பு இன்ஹேலர் எடுக்கிறாள். ஐந்து மாதமாக நன்றாகத்தான் இருந்தாள். மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் வீட்டிலேயே ஊதிப் பார்த்து, அம்மா ஒரு நோட்டில் எழுதி வைப்பார். காலையில் 210, மாலையில் 220 என்று வந்துகொண்டிருந்தது. ஏப்ரலில் அது சரியத் தொடங்கியது. மாலையில் 200 வரும், காலையில் 165தான். தன்னுடைய நல்ல அளவில் கால் பங்கு குறைந்துபோய்க் குழந்தை எழுந்திருக்கிறாள் என்று அர்த்தம். இரவு இரண்டு மணிக்கு இருமல், உடனடி நிவாரணத்துக்கான நீல நிற இன்ஹேலர், மறுபடி தூக்கம்.

மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்தேன். என் முன்னால் எடுக்கச் சொன்னேன், சரியாகவே எடுத்தாள். மருந்தின் அளவைக் கூட்டினேன், பலன் இல்லை. பகலில் நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் வீசிங் சத்தமே கிடையாது.

துப்பு அந்த நோட்டிலேயே இருந்தது. நடுவில் நான்கு நாள் மட்டும் காலை அளவு 205, 210 என்று ஏறியிருந்தது. "அந்த நாலு நாள் எங்கம்மா இருந்தீங்க?" என்று கேட்டேன். கும்பகோணத்தில், பாட்டி வீட்டில். திரும்பி வந்த இரண்டாவது நாளே மறுபடி 170.

குழந்தை தூங்கும் அறையைப் போனில் வீடியோ எடுத்து வரச் சொன்னேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஏப்ரலில் மாட்டிய புது ஸ்பிளிட் ஏ.சி., சாத்திய ஜன்னல். கட்டில் தலைமாட்டில் சுவிட்ச் போர்டு. அதில் சின்னச் சிவப்பு விளக்கு எரிய, வாசனைத் திரவப் புட்டியோடு ஒரு பிளக். ஏ.சி. அறையில் ஒரு மாதிரி வாடை வருகிறது என்று மாமா வாங்கிக் கொடுத்தாராம். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. பிளக்கில் இருக்கும் சூடு திரவத்தை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும், அந்த ஆவிக்கு வெளியே போக வழியில்லை. அரை மணி நேரத்தில் நம் மூக்கு அந்த வாசனைக்குப் பழகிவிடும், "இப்ப வாசமே வரல" என்போம். மூச்சுக்குழாய் அப்படிப் பழகுவதில்லை.

"ஆனா டாக்டர், இது கெமிக்கல் இல்ல, எலுமிச்சை எண்ணெய். பாக்கெட்டுலயே இயற்கைன்னு போட்டிருக்கு." இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். எலுமிச்சைத் தோலுக்கு அந்த மணத்தைக் கொடுப்பது லிமோனீன் என்ற பொருள். மரத்திலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் அது லிமோனீன்தான். காற்றில் இருக்கும் ஓசோனோடு அது சேரும்போது ஃபார்மால்டிஹைடும் மிக நுண்ணிய துகள்களும் உண்டாகின்றன. ஃபார்மால்டிஹைடு கண்ணையும் தொண்டையையும் எரிய வைப்பது. பிணவறையில் வேலை செய்தவர்களுக்கு அந்த நெடி தெரியும். இயற்கை என்ற சொல் மூச்சுக்குழாய்க்குப் படிக்கத் தெரியாது. சாம்பிராணி இயற்கைதான், சந்தனம் இயற்கைதான், விறகும் இயற்கைதான். விறகடுப்புப் புகையில் யாரும் குழந்தையைப் படுக்க வைப்பதில்லையே! மூலிகை ஊதுபத்தி என்றாலும் எரிந்தால் புகைதான். ஒரு கிராம் ஊதுபத்தி எரிந்தால் சராசரியாக 45 மில்லிகிராம் நுண்துகள் வருகிறது, ஒரு கிராம் சிகரெட்டுக்குச் சுமார் 10 மில்லிகிராம் என்று அளந்திருக்கிறார்கள். சிகரெட் பிடிப்பவர் புகையை நேராக நெஞ்சுக்குள் இழுக்கிறார், அதனால் இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் பூஜை அறையில் வருவது வெறும் வாசனை என்ற எண்ணம் தப்பு.

இன்னொரு வாதமும் வரும். "அலர்ஜி டெஸ்ட்ல வாசனை எதுவும் காட்டலையே?" காட்டாது. தோலில் குத்திப் பார்ப்பது தூசிப்பூச்சி, மகரந்தம், கரப்பான் போன்றவற்றுக்கு. வாசனையால் வருவது பெரும்பாலும் அலர்ஜி இல்லை, எரிச்சல். ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய் ஏற்கெனவே புண்பட்டதுபோல வீங்கி இருக்கும், லேசாகச் சீண்டினாலும் சுருங்கும். எல்லா ஆஸ்துமா நோயாளிக்கும் இப்படி ஆகும் என்பதில்லை. சிலர் ஊதுபத்திக் கடையே வைத்திருக்கிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. உங்கள் வீட்டில் இருப்பவர் எந்த வகை என்பதை அந்த நோட்டுதான் சொல்லும்.

பிளக்கை எடுக்கச் சொன்னேன். திரைச்சீலை, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் வாசனை இல்லாத சோப்பில் துவைக்கச் சொன்னேன். துணியில் ஊறிய வாசனை பல நாள் கசிந்துகொண்டே இருக்கும். ஏ.சி.யின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார்கள், அப்பிக்கிடந்த ஈர அழுக்கு போனதும் அந்த "ஒரு மாதிரி வாடை"யும் போய்விட்டது. பத்தாவது நாள் காலை 205. கூட்டிய மருந்தை மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் குறைப்பேன், வாசனையை நிறுத்தியாச்சு என்று இன்ஹேலரையும் நிறுத்திவிடாதீர்கள்.

பாட்டி வீட்டில் தினமும் காலையில் ஊதுபத்தி உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. ஒரே ஒரு பத்தி, முற்றம் உள்ள வீடு, குழந்தை தூங்குவது வீட்டின் வேறு பகுதியில். எங்கே, எவ்வளவு, எத்தனை நேரம் என்பதில்தான் விஷயம். சாமிக்கு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? விளக்கும் பூவும் போதும் என்றால் நல்லது. பத்தி வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று, ஜன்னலைத் திறந்து வைத்து, ஏ.சி.யை நிறுத்திவிட்டு, ஆஸ்துமா உள்ளவர் வேறு அறையில் இருக்கும்போது. கப் சாம்பிராணியை மொட்டை மாடியிலோ வாசலிலோ வையுங்கள், வீட்டுக்குள் அறை அறையாகக் கொண்டுபோக வேண்டாம். பிளக்கை இரவில் மட்டும் அணைப்பது, அளவைக் குறைத்து வைப்பது, இதெல்லாம் வேண்டாம். கழற்றுங்கள். பாத்ரூமில் தொங்கும் வாசனைக் கட்டியும் காரில் தொங்குவதும் அதே கணக்கில் சேர்த்திதான். வாடை வந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்: அடைத்த சாக்கடை, ஈரமான மிதியடி, சுவரில் பூஞ்சை.

பாட்டிமாரிடம் ஒரு வேண்டுகோள். குளிப்பாட்டிய கைக்குழந்தையைச் சாம்பிராணிப் புகைமேல் காட்டாதீர்கள், அம்மா. சளி பிடிக்காமல் இருக்கத்தான் காட்டுகிறீர்கள், தெரியும். பருத்தித் துண்டால் தலையை நன்றாகத் துவட்டினாலே ஈரம் போய்விடும். கை அகலம்கூட இல்லாத நெஞ்சு அது. புகைமேல் பிடித்தால் அத்தனையும் உள்ளே போகிறது.

இப்போதெல்லாம் வீசிங் என்று யார் புதிதாக வந்தாலும், மருந்துச் சீட்டு எழுதும் முன் தூங்கும் அறையின் வீடியோவைக் கேட்கிறேன். நீங்களும் எடுத்து வாருங்கள். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவிட்ச் போர்டு அதில் தெரிய வேண்டும்.